வாள் ராணியின் இடது கை: மணமுறிவுக்குப் பிறகு வந்த ஒரு துணை பற்றிய நிகழ்வு ஆய்வு

ஹட்டன் பக்கத்தில் பல வருடமாக டாரட் சீட்டு பார்த்து வருகிறேன். இது ஏறக்குறைய பதினான்கு மாதம் தொடர்ந்த ஒரு வாசிப்பின் பதிவு. முதல் வாசிப்பை நான் தவறாகச் செய்தேன். அந்தத் தவறு இரண்டு பேரை இரண்டு வாரம் வருத்தியது, அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சீட்டுகளையும் அவை விழுந்த வரிசையையும் மாற்றவில்லை.

பின்னணி

கேட்க வந்தவர் நாற்பத்தொரு வயதுக் கணித ஆசிரியர். கல்யாணம் ஆகாதவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மாவின் கொழுந்துக் காசில் படித்து, ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு பாடசாலையில் வேலைக்கு வந்தவர். அவருக்குப் பழக்கமான பெண் பண்டாரவளையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். முப்பத்தெட்டு வயது. ஒன்பது வயதில் ஒரு மகள். மணமுறிவு கிடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இருவரும் பழக ஆரம்பித்து ஏழு மாதம்.

மணமுறிவு எப்படிக் கிடைத்தது என்பது இந்த வாசிப்பில் பெரிய இடம் பிடிக்கிறது. ஆனால் முதல் நாள் நான் அதைக் கேட்கவே இல்லை. நம் நாட்டுப் பொதுச் சட்டப்படி, இருவரும் ஒத்துக்கொண்டோம் என்று சொல்லிப் பிரிந்துவிட முடியாது. பிறர் தொடர்பு, கெடு நோக்கத்துடன் கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறை என்ற காரணங்களில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் முதலில் ஒரு இடைத் தீர்ப்புதான். குறைந்தது மூன்று மாதம் போன பிறகே முடிவான தீர்ப்பு. இந்தப் பெண்ணின் கணவர் வேலைக்கென்று கொழும்புக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் காசையும் பேச்சையும் நிறுத்திவிட்டவர். கைவிட்டுப் போனார் என்பதைக் காட்ட, எந்த மாதம் கடைசியாகப் பணம் வந்தது, எந்தத் திகதியில் போனை எடுக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது யாரிடம் சொல்லி அனுப்பினேன் என்று ஒவ்வொன்றையும் தாளில் வைத்து, குறுக்கு விசாரணையில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். நாலு வருடம் இழுத்தது.

அப்படி நாலு வருடம் பேசப் பழகிய ஒருவர் பிறகு எப்படிப் பேசுவார் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

கொண்டுவந்த கேள்வி

ஆசிரியர் வந்தது ஒரு மார்ச் மாதம். முதலில் சொன்னது இதுதான்: "அக்கா, அவங்களுக்கு என்மேல அன்பு இருக்கா, இல்ல மனசு அப்படியே செத்துப்போச்சா? அது தெரிஞ்சா போதும்."

அவர் சொன்ன விவரங்களைக் குறித்துக்கொண்டேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்திப்பு. வீட்டுக்கு வரக்கூடாது, மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார். இருவருக்கும் இடையில் காசுக் கொடுக்கல் வாங்கல் கூடாது. ஒரு வருடம் முடியும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம். இவர் பத்து வரி எழுதி அனுப்பினால் அங்கிருந்து வருவது ஒரே வரி: "சரி. ஞாயிறு பார்ப்போம்." காலையில் ரயில் ஏறி நாலு மணி நேரம் உட்கார்ந்து போகிறவருக்கு, ஸ்டேஷனில் ஒரு சிரிப்புக்கூட உடனே கிடைப்பதில்லை. "சாப்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பாராம். ஆசிரியர் இதை ஒரு குறையாகத்தான் என்னிடம் சொன்னார், நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

விரித்த சீட்டுகள்

1909இல் லண்டனில் வெளியான ரைடர்–வெயிட்–ஸ்மித் சீட்டுக்கட்டைத்தான் பயன்படுத்துகிறேன். வெயிட் வகுத்தது, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. ஐந்து சீட்டு விரித்தேன். நடுவில் அந்தப் பெண் இப்போது இருக்கும் நிலை. அதற்கு இடது பக்கம் அவர் எங்கிருந்து வந்தார் என்பது. வலது பக்கம் இருவருக்கும் நடுவில் நிற்பது. மேலே ஆசிரியர் கொண்டுவருவது. கீழே இப்போது செய்ய வேண்டியது.

நடுவில் வாள் ராணி நேராக விழுந்தாள். இடதில் ஆறு வாள். வலதில் நான்கு கோப்பை. மேலே கோப்பை வீரன். கீழே ஏழு நாணயம். தலைகீழாக எதுவும் இல்லை.

கோப்பை வீரன் ஆசிரியரேதான். கையில் கோப்பையோடு மெதுவாகக் குதிரையில் வருகிறவன், மனதில் இருப்பதை ஏந்திக்கொண்டு வருகிறவன். அதில் சந்தேகம் வரவில்லை. ஏழு நாணயத்தில் ஒரு விவசாயி மண்வெட்டிமேல் சாய்ந்து, வளர்ந்திருக்கும் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காத்திரு, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு காத்திரு என்று அதைப் படிப்பேன். இந்த இரண்டு சீட்டைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் நடு வரிசையில்தான் இருந்தது.

முதல் வாசிப்பு

வாள் ராணியைப் பற்றி வெயிட் தன் விளக்க நூலில் எழுதியிருப்பது கடுமையானது. அவள் முகம் கண்டிப்பானது, துயரத்தோடு பழகியது, ஆனால் அவள் இரக்கத்தைக் குறிக்கவில்லை என்கிறார். பலன் சொல்லும்போது கைம்மை, பெண்ணின் துக்கம், பிள்ளையின்மை, இழப்பு, பிரிவு என்று அடுக்குகிறார். பழைய முறையில் படித்த யாருக்கும் இந்தச் சீட்டைக் கண்டால் முதலில் இந்த வார்த்தைகள்தான் வரும். எனக்கும் வந்தன.

பக்கத்தில் நான்கு கோப்பை. மரத்தடியில் ஒருவன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரில் மூன்று கோப்பை. மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் பார்க்கவில்லை. கொடுப்பதை வாங்காத மனசு. இந்தப் பெண்தான் அது, ஆசிரியர் நீட்டுகிற அன்பை வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று படித்தேன். ஆறு வாளில் போர்த்திக்கொண்டு குனிந்து தோணியில் போகும் பெண்ணையும் பிள்ளையையும் பார்த்து, இன்னும் கரை சேரவில்லை என்றேன். சொன்ன வார்த்தை இன்றும் ஞாபகம் இருக்கிறது: "தம்பி, அவங்க இன்னும் ஆறல. நீங்க எவ்வளவு கொடுத்தாலும் இப்ப உள்ள போகாது. கொஞ்ச நாள் விலகி இருந்து பாருங்க."

இதில் சீட்டுப் பிழையைவிட என் பிழைதான் பெரிது. மணமுறிவான பெண் என்றதும் என் மனதில் முதலில் எழுந்த சித்திரம் வாழாவெட்டி என்று நம் ஊரில் சொல்லும் அந்தப் பழைய சித்திரம். துக்கம் பிடித்தவள், உணர்ச்சி வற்றியவள். அந்தச் சித்திரம் வெயிட்டின் பட்டியலோடு அழகாகப் பொருந்தியது. பொருந்தியதும் நான் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. அங்கே இல்லாத ஒருவரின் மனசை, அவரோடு மனத்தாங்கல் உள்ள இன்னொருவர் சொன்னதை மட்டும் வைத்து, இருக்கு அல்லது செத்துப்போச்சு என்று தீர்ப்பாகச் சொன்னேன். அதைச் சொல்லும் உரிமை சீட்டுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

பதினான்கு நாள்

ஆசிரியர் நான் சொன்னபடியே விலகினார். போன் பண்ணவில்லை. ஒரு ஞாயிறு போகவில்லை. காரணமும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். முந்தின நாள் சாயந்தரம் அந்தப் பெண்ணிடமிருந்து வந்த செய்தியைப் போனில் காட்டினார். அதை அப்படியே தருகிறேன்: "பதினான்கு நாளாக நீங்கள் பேசவில்லை. என்ன காரணம் என்று சொல்லுங்கள். நான் செய்தது பிழை என்றால் எது என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதையும் கேட்டுக்கொள்வேன். சொல்லாமல் மட்டும் போகாதீர்கள்."

வாசித்ததும் என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. சொல்லாமல் போவது என்பது இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒருமுறை நடந்தது. நாலு வருடம் நீதிமன்றத்தில் நின்று நிரூபித்த அதே விஷயத்தை, அடுத்தவரைக் கொண்டு நான் திரும்பச் செய்ய வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்தச் செய்தியையே ஒரு சாட்சியாகப் பார்க்கத் தொடங்கினேன். மனசு உறைந்துபோன ஒருவர் பதினான்கு நாள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். எண்ணினாலும் கேட்க மாட்டார். அவரும் சேர்ந்து மௌனமாகிவிடுவார், மௌனம் அவருக்கு வசதியானது. இந்தப் பெண் கேட்கிறார். கேள்வியில் கூர்மை இருக்கிறது, ஆனால் பதிலுக்கு இடமும் விட்டிருக்கிறார்.

சீட்டைத் திரும்பப் பார்த்தது

விரிப்பைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். இந்த முறை நூலை எடுக்காமல் படத்தை மட்டும் பார்த்தோம், இருவருமாக.

வாள் ராணி பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் நமக்கு வலது பக்கம் திரும்பியிருக்கிறது. வலது கையில் வாள் செங்குத்தாக நிற்கிறது. அதன் பிடி ஆசனத்தின் கைமேல் ஊன்றியிருக்கிறது. அதாவது அவள் அதை ஓங்கவில்லை. இடது கை முன்னால் நீண்டு, உள்ளங்கை திறந்து நிற்கிறது. மணிக்கட்டில் குஞ்சம் தொங்கும் கயிறு போல ஒன்று. அறுந்த கட்டின் மிச்சம் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. தாலிக்கயிறு தெரிந்த நமக்கு அந்த வாசிப்பு சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசனத்தின் பக்கத்தில் சிறகு முளைத்த ஒரு குழந்தை முகம் செதுக்கப்பட்டிருக்கிறது. முடியில் வண்ணத்துப்பூச்சிகள். மேகம் எல்லாம் கீழே கிடக்கிறது. தலைக்குப் பின்னால் வானம் தெளிவாக இருக்கிறது, ஒரே ஒரு பறவை.

இதல்கஸ்ஹின்னை பக்கம் ரயிலில் போனவர்களுக்கு இது தெரியும். இரண்டு பக்கப் பள்ளத்திலும் பனிமூட்டம் அடைத்துக் கிடக்கும், தண்டவாளம் மட்டும் அதற்கு மேலே வெளிச்சத்தில் ஓடும். ஆசிரியர்தான் இதைச் சொன்னார். "மேகத்துக்குள்ள இல்ல அக்கா, அதுக்கு மேல இருக்காங்க" என்றார்.

வெயிட்டும் ஸ்மித்தும் உறுப்பினராக இருந்த கோல்டன் டோன் என்ற மறைஞானச் சபையின் முறையில் எல்லா ராணிகளும் நீர். வாள் என்பது காற்று. ஆகவே வாள் ராணி காற்றுக்குள் இருக்கும் நீர். உணர்ச்சி இல்லாதவள் என்று அவளைச் சொல்லவே முடியாது. உணர்ச்சி அவளிடம் சொல்லாகவும் யோசனையாகவும் மாறி வெளியே வருகிறது. "சாப்டீங்களா?" என்பது அப்படி வந்த ஒரு சொல். நாலு மணி நேரம் ரயிலில் வந்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதானே.

அடுத்துதான் எனக்கு உறைத்தது. ராணியின் நீட்டிய கை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் கிடப்பது நான்கு கோப்பை. நான்கு கோப்பையில் மேகத்திலிருந்து வரும் கை இடது பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ராணியின் கை அப்படியே நீண்டு போய்க் கோப்பையை நீட்டும் கையாக ஆகிறது. நீட்டுபவள் அவள். மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் ஆசிரியர். எதிரில் இருக்கும் மூன்று கோப்பையை, அதாவது காதல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தான் வைத்திருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு, நான்காவதைக் காணாமல் இருக்கிறார்.

ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க எனக்கு என்ன நீட்டினாங்க?" என்று கேட்டார். இதற்குச் சீட்டு தேவைப்படவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு, வேலைக்குப் போகும் ஒற்றைத் தாய்க்கு மகளோடு கிடைக்கும் நாலு ஞாயிறில் பாதி. அதை ஏழு மாதம் ஒரு தடவைகூட ரத்துச் செய்யாமல் கொடுத்திருக்கிறார்.

ஆறு வாளும் வேறு மாதிரித் தெரிந்தது. தோணியில் வாள்கள் குத்தி நிற்கின்றன. பிடுங்கினால் ஓட்டையில் தண்ணீர் ஏறும் என்று வாசிப்பவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பெண்ணின் நிபந்தனைகள் எனக்கு அப்படித்தான் பட்டன. அவற்றோடுதான் அவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போகிறார். கரை சேரும்வரை பிடுங்கச் சொல்லக் கூடாது.

காப்பா, குளிரா: எப்படிப் பார்த்தோம்

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. முதல் வாசிப்பில் எனக்கு வசதியான பக்கம் சாய்ந்தேன். இப்போது ஆசிரியருக்கு வசதியான பக்கம் சாய்கிறேனா? வாள் ராணி நேராக விழுந்தால் தெளிவு, தலைகீழ் என்றால் குளிர் என்று சுலபமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது நம்பக்கூடிய அளவுகோல் இல்லை. நேராக விழுந்த ராணியின் பின்னால் கல் மாதிரி உறைந்த ஆட்களையும் கண்டிருக்கிறேன்.

அதனால் சீட்டுக்கு வெளியே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். காப்புக்காக எல்லை போடுபவர் காரணம் கேட்டால் சொல்வார். அந்த எல்லை நல்ல நாளிலும் கோபம் வந்த நாளிலும் ஒரே இடத்தில் இருக்கும். தனக்கும் அதே எல்லை என்று நடந்துகொள்வார். எது நடந்தால் அது நகரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். உறைந்துபோனவரின் எல்லைக்குக் காரணம் இராது. ஒன்றை நிறைவேற்றினால் இன்னொன்று முளைக்கும். கோபத்தில் இறுகும், நம்மை வேண்டும்போது தளரும். கேட்டதே குற்றம் என்று ஆகும்.

இப்படி ஒரு வாசிப்பு எனக்குச் சில வருடம் முன்னால் வந்தது. கேட்டவர் ஒரு பெண், மணமுறிவான ஆணைப் பற்றிக் கேட்டார், வாள் ராணிதான் அவருக்கு விழுந்தாள். அந்த ஆண் தன் அம்மாவிடம் சொல்ல ஆறு மாதம் கேட்டார், பிறகு தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றார், பிறகு வீடு கட்டி முடியட்டும் என்றார். என்ன செய்தால் சரியாகும் என்று கேட்ட இரவு போனையே அணைத்துவிட்டார். அங்கே நீட்டிய கை எதுவும் இருக்கவில்லை, வாள் மட்டும்தான்.

ஆசிரியரிடம் மூன்று கேள்வியை எழுதிக்கொடுத்தேன். முதலில் பதினான்கு நாளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், சீட்டுப் பார்த்தது உட்பட. அப்புறம் கேட்க வேண்டியது: உங்கள் நிபந்தனைகளில் எது இப்போதைக்கு, எது எப்போதைக்கும்? இப்போதைக்கு என்பது எது நடந்தால் மாறும்? நான் செய்வதில் எது உங்களைப் பயப்படுத்துகிறது? பதில் பிடிக்காவிட்டாலும் அன்றே வாதாட வேண்டாம் என்றும் சொன்னேன். என்ன பதில் வரும் என்று ஊகித்துச் சொல்லச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

கிளம்பும்போது ஆசிரியர் தன் அம்மா சொன்னதை என்னிடம் சொன்னார். ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி. "கவ்வாத்து வெட்டின தேயிலை செத்த மரம் மாதிரிதான் நிக்கும், தொரமார்கூட ஏமாந்துருவாங்க. நகத்தால பட்டையச் சுரண்டிப் பாரு, பச்சை இருந்தா உசுரு இருக்கு." என் இரண்டு மணி நேர விளக்கத்தைவிட அது நேராக இருந்தது.

பண்டாரவளையில் நடந்தது

அடுத்த ஞாயிறு போனார். மன்னிப்பை அந்தப் பெண் உடனே ஏற்கவில்லை. சீட்டுப் பார்த்தது பற்றிக் கேட்டபோது கோபப்பட்டார். "என்னைப் பத்தி என்கிட்ட கேக்காம வேற யார்கிட்டயோ கேட்டீங்களா?" என்றாராம். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. என்மேலும் அது சேரும்.

பிறகு மூன்று கேள்விக்கும் பதில் சொன்னார். இரவு ஒன்பது மணி மகள் தூங்கும் நேரம். ஒரே அறை, பேச்சு கேட்கும். மகள் வேறு அறையில் படுக்கத் தொடங்கினால் அது மாறும். வீட்டுக்கு வரக்கூடாது என்பது மகளுக்குச் சொல்லும்வரை. சொல்வதற்கு அவர் வைத்திருந்த நாள் டிசம்பர் விடுமுறை, ஏனென்றால் பரீட்சை முடிந்திருக்கும், பிள்ளை கேள்வி கேட்க நிறைய நேரம் இருக்கும். காசு விஷயம் எப்போதைக்கும். கல்யாணம் ஆனாலும் கணக்குத் தனித்தனி. அதில் பேச்சுக்கு இடமில்லை, பிடிக்கவில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார்.

பயம் பற்றிய கேள்விக்குத்தான் நேரம் எடுத்தார். ஆசிரியர் அனுப்பும் நீளமான செய்திகள் என்றார். முன்பும் அப்படி நீளமாக எழுதியவர் ஒருவர் இருந்தார், காசை நிறுத்துவதற்கு முதல் வாரம்வரை எழுதினார். "எனக்கு நீங்க எழுதறது வேணாம்னு இல்ல. நான் நம்பறது அதை இல்ல. நீங்க வர்றதை நம்புறேன்."

காரணம் இருந்தது. எல்லை அசையாமல் இருந்தது. நகரும் இடமும் சொல்லப்பட்டது. அந்த அளவில் இது காப்புதான் என்று எழுதிக்கொண்டேன்.

ஆனால் குளிர் அறவே இல்லை என்று எழுத முடியாது. ஜூலையில் அது தெரிந்தது. ஹட்டனில் அடைமழை, பண்டாரவளையில் காய்ந்த காற்று வீசும் காலம். ஆசிரியரின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த ஞாயிறு அவர் மனசு உடைந்து, தனியாக இருந்தேன், ஒருத்தரும் இல்லை என்றார். அந்தப் பெண் கேட்டாராம்: "எத்தனை மணிக்கு? எனக்கு ஏன் சொல்லல? யாருமே இல்லன்னா உங்க தம்பி எங்க இருந்தாரு?" ஆசிரியர் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

அது குறுக்கு விசாரணைக் குரல். நீதிமன்றத்தில் தன்னிடம் கேட்கப்பட்ட அதே வரிசையில், அன்புக்குரிய ஒருவரின் துக்கத்தையும் அவர் விசாரித்துவிட்டார். அவருடைய எல்லைகளைத் தாங்கி நிற்கும் தெளிவு இதுவல்ல, மிச்சமிருந்த குளிர். மற்றவர் அழுதால் அவருக்குள் ஏதோ கதவு அடைத்துக்கொள்கிறது. அவரே இதை ஒத்துக்கொண்டார். இரவு எட்டரைக்கு அவரே போன் எடுத்துப் பேசியது: "அழுதா எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல. கேள்வி கேக்க மட்டுந்தான் தெரியுது. பழகணும்." அடுத்த சனிக்கிழமை மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசவில்லையாம். அம்மா தூங்கியதும் போர்வையைச் சரி செய்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடித்தார்.

பிறகு

டிசம்பரில், சொன்ன வாரத்திலேயே, மகளிடம் சொன்னார். பிள்ளை ஆசிரியரை "சேர்" என்றுதான் கூப்பிடுகிறாள். வேறு எப்படியும் கூப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பின்னக் கணக்கில் சந்தேகம் கேட்டு அவளே போன் பண்ணுகிறாள். தைப்பொங்கலுக்குப் பிறகு ஒன்பது மணி நிபந்தனை தானாகப் போயிற்று. காசு நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஆசிரியருக்கு அது இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அழுகை வரும்போது விசாரணைக் குரல் இப்போதும் சில சமயம் வருகிறது. அப்போது ஆசிரியர் "இது கோர்ட் இல்லம்மா" என்பாராம். முதல் இரண்டு தடவை அதற்கும் சண்டை வந்தது.

கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை. ஒரு வருடம் ஆனதும் பேசினார்கள். இன்னும் ஒரு வருடம் கேட்டார், காரணத்தோடு: மகளின் புலமைப்பரிசில் பரீட்சை. இதைக் கேட்டதும் எனக்கு அந்தத் தங்கச்சி கல்யாணம், வீடு கட்டிய கதை ஞாபகம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆசிரியரிடமும் சொன்னேன். இது முதல் தள்ளிப்போடல். பரீட்சைக்குத் திகதி உண்டு, கடந்தபின் இன்னொன்று முளைத்தால் அப்போது வேறு மாதிரிப் பேச வேண்டும். அதுவரை இருவரும் முறை வைத்துப் பயணம் செய்கிறார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் ஹட்டனுக்கு வருகிறார்.

இந்தப் பதிவை அனுமதிக்காக அந்தப் பெண்ணுக்கு அனுப்பியபோது இரண்டு இடத்தைத் திருத்தி அனுப்பினார். ஒன்று திகதிப் பிழை. இன்னொன்று, "காயம்பட்டவர்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் கோடு போட்டு, "வழக்கு நடத்தியவர்" என்று எழுதியிருந்தார். அந்த வரியையே எடுத்துவிட்டேன்.

நான் மாற்றிக்கொண்டது

துணையைப் பற்றிக் கேட்க வருபவரிடம், அந்தத் துணை கடைசியாகச் சொன்ன ஐந்தாறு வாக்கியங்களை வார்த்தை மாறாமல் முதலில் எழுதித் தரச் சொல்கிறேன். "ஜில்லுன்னு பேசுறாங்க" என்று அவர்கள் சொல்வதற்கும் தாளில் இருப்பதற்கும் பல சமயம் நிறைய தூரம் இருக்கிறது. மணமுறிவு என்றால், எப்படிக் கிடைத்தது, எவ்வளவு காலம் எடுத்தது, யார் வழக்குப் போட்டது என்று கேட்கிறேன். விலகி இருங்கள் என்று யாரிடமும் இப்போது சொல்வதில்லை. விலகத்தான் வேண்டும் என்று பட்டால், எத்தனை நாள் என்று எதிரில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டு விலகச் சொல்கிறேன்.

அரசவைச் சீட்டு எது விழுந்தாலும் அர்த்தம் சொல்வதற்கு முன் அது எந்தப் பக்கம் பார்க்கிறது, பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுகிறேன். வாள் ராணி வந்தால் விரல் முதலில் இடது கையில் நிற்கும். அதற்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்க வந்தவரிடமே கேட்கிறேன். பாதிப் பேர் துணையின் பெயரைச் சொல்கிறார்கள். அப்போது பதில் சொல்லாமல், இரண்டு சீட்டையும் இன்னும் கிட்ட நகர்த்தி வைத்துத் திரும்பப் பார்க்கச் சொல்கிறேன்.